பதினைந்து டஜனில் ஐந்து டஜன்

வேம்பூரணியில் முதல் எண் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாவு மில் சீனியப்பன் காலையில் மில்லைத் திறக்க வந்தபோது கதவின் நடுவில் முழ உயரத்துக்கு ஒரு 4 இருந்தது. பென்சிலால் எழுதியது போலச் சாம்பல் நிறம், தலை மூடாத 4. வேண்டாதவன் எவனோ கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கடைசியில் பச்சைப் பெயின்ட் வாங்கி அடித்தார். பெயின்ட் காய்ந்ததும் 4 மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. சனியனே இருந்துவிட்டுப் போ என்று விட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து எண்ணி நாலாம் நாள், விளக்கு வைக்கும் நேரத்தில், மில்லின் சத்தம் நின்றது. மில் நிற்கவில்லை, சத்தம்தான் நின்றது. மேலே கம்பைக் கொட்டினால் கீழே மாவு இருந்தது. இடையில் பட்டை ஓடவில்லை, கல் சுற்றவில்லை, தூசி பறக்கவில்லை, மாவில் கைபொறுக்கும் சூடுகூட இல்லை. அந்த மாவில் கிண்டிய களியைத் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்தது, ஆனால் தின்றது நினைவில்லை. பெண்கள் இரண்டு நாள் முகவாயில் கை வைத்துப் பேசினார்கள், மூன்றாம் நாள் வழக்கம்போல வரிசையில் வாளியை வைத்தார்கள். தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற ஊருக்கு ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது.

அடுத்து தபால்கார அந்தோணி வீட்டுக் கதவில் 11 விழுந்தது. பதினோராம் நாள் விளக்கு வைத்த பிறகு அவருடைய பகல்கள் காணாமல் போயின. காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுவார், அடுத்த அடியில் சாயங்காலமாகி வாசலுக்குள் நிற்பார். பை காலியாக இருக்கும், ஊரில் எல்லார் கையிலும் கடிதம் இருக்கும், அவர் செருப்பில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. முதல் வாரம் அவர் சிரித்தார். இரண்டாம் வாரம், "இன்னைக்கு யாரு யாரைப் பாத்தேன்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று தெருத் தெருவாகக் கேட்டார்.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. பழகியதோடு நிற்கவில்லை, ஆசைப்படவும் தொடங்கியது. எட்டு மணிக்கு ஆபீசுக்குள் நுழைந்து ஆறு மணிக்கு வெளியே வந்து நின்றுவிட்டால் எவ்வளவு சுகம் என்று தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் பேசினார்கள். மகன் மஸ்கட்டிலிருந்து திரும்ப மூன்று வருடம் காத்திருந்த ஒருத்தி, கதவில் ஒட்டியிருந்த சாமி படத்தையெல்லாம் கிழித்து, எண் விழ இடம் பண்ணி வைத்தாள். விழுந்த எண்ணைச் சுற்றிச் சிலர் மஞ்சள் வைத்தார்கள், சிலர் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஊர் ஆசைக்கும் அப்படி ஒரு மூடி கிடையாது.

பேச்சியம்மா வீட்டுக் கோழிக்கூட்டில் 6 விழுந்த பிறகுதான் எல்லாரும் வாயை மூடினார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் பதின்மூன்று முட்டை இருந்தன. விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தால் பதின்மூன்று கிழட்டுக் கோழிகள் இருந்தன. கால் செதில் தடித்து, கொண்டை வெளுத்து, கண்ணில் பூ விழுந்து, நிற்க முடியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. எதுவும் ஒருநாள்கூடக் குஞ்சாக இருந்ததில்லை. பேச்சியம்மா தீனியைக் கீழே போட்டாள், அவற்றுக்குக் கொத்தத் தெரியவில்லை.

அன்று முதல் வேம்பூரணியில் பிள்ளை வைத்திருந்தவர்கள் ராத்திரி தூங்கவில்லை. சிலர் கதவைக் கழற்றித் திண்டுக்கல் சொந்தக்காரர் வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள்.

எண்கள் யாருடையவை என்பது ஊரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அது டியூஷன் டீச்சர் பொன்சீலி. தலை மூடாத அந்த 4, இரண்டு கோலிக்குண்டுபோல ஒட்டி நிற்கும் அந்த 11, வயிறு பெருத்த அந்த 6, மூன்றும் அவள் வாரா வாரம் திருத்துகிற கையெழுத்து. எட்டாம் வகுப்பு காளிராஜுடையது. அவன் விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தாள். விடை இருந்த இடமெல்லாம் வெறுமையாக இருந்தது, பக்கத்தில் அவள் போட்ட சிவப்புச் சரி மட்டும் எதற்கென்று தெரியாமல் நின்றது.

காளிராஜ் பேசாத பையன். கடைசிப் பாயில் சுவரோடு சாய்ந்து உட்காருவான். கேள்வி எண்ணைப் போடுவான், விடையைப் போடுவான், இரண்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு எழுத்து இருக்காது. அதை அவள் ஒருநாளும் கண்டித்ததில்லை. கண்டிப்பதென்ன, கொண்டாடினாள். அவள் வீட்டு வாசலில் தொங்கும் பலகையில் 'விரைவுக் கணக்கு' என்றுதான் எழுதியிருந்தது. முதலில் விடை சொல்கிறவனுக்கு ஆரஞ்சு மிட்டாய் என்பது அவள் வகுப்பின் சட்டம். காளிராஜின் தாளைத் திருத்தும்போது அவள் கணக்கைப் பார்ப்பதே இல்லை. பையன் போட்டால் சரியாக இருக்கும் என்று வரிசையாகச் சரி போட்டுக்கொண்டே போவாள். கோழிகளைப் பார்த்துவிட்டு வந்த அன்று அந்த மிட்டாய் டப்பாவைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பையனை ஊர் என்ன செய்யுமோ, தன்னை என்ன செய்யுமோ.

வியாழக்கிழமை காலை 9 விழுந்தது. விழுந்தது காளிராஜின் வீட்டுக் கதவிலேயே.

அந்த வீட்டில் மூன்று பேர். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலுத்தாய், அவள் மகன் காளிராஜ், எட்டு மாதக் கைக்குழந்தை செண்பகம். தகப்பன் லாரியில் வடக்கே போயிருந்தான். வேலுத்தாய் அழவில்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராக டியூஷனுக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், இது எம்மவன் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அவன் எழுத்து தெரியும். ஒன்பது நாள்ல எம்பிள்ளை கெழவியாயிருவாளா?"

குழந்தை பொன்சீலியின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.

அன்று அவள் காளிராஜின் ஒரு வருடத் தாள்களையும் தரையில் பரப்பினாள். எல்லா விடையும் போயிருந்தது, ஒன்றைத் தவிர. போன ஆடியில் போட்ட 8 × 36 என்ற கணக்கின் 288 அப்படியே தாளில் இருந்தது. ஏன் இது மட்டும் போகவில்லை? தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வலது ஓரத்தில், ரஃப் கணக்குப் போடும் இடத்தில், அழிக்க மறந்த சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. பக்கத்தில் '24 டஜன், 2 குரோஸ்' என்று எறும்பு எழுத்து. மற்றப் பிள்ளைகளின் விடைகள் ஏன் ஓடிப்போகவில்லை என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுகள் தப்பும் தவறுமாகவாவது வழிமுறை எழுதின. வழிமுறை இல்லாத விடைதான் தாளில் நிற்காமல் எழுந்து போய் ஊர்க் கதவில் ஏறுகிறது, ஏறின வீட்டில் நடுவில் இருப்பதையெல்லாம் தின்கிறது.

9 எந்தக் கணக்கு என்று தேடினாள். புதன்கிழமைத் தாள், நாலாவது கேள்வி. 15 பேர் ஒரு வேலையை 12 நாட்களில் முடிப்பர். 4 நாட்கள் வேலை நடந்தபின் மேலும் 5 பேர் சேர்ந்தனர். மீதி வேலை எத்தனை நாட்களில் முடியும்? வெறும் இடமும் சிவப்புச் சரியும் இருந்தன.

வெள்ளிக்கிழமை அவனைத் தனியாக உட்காரவைத்தாள். "காளி, இதுக்கு வழிமுறை எழுதுய்யா. விடைதான் உனக்குத் தெரியுமே."

அவன் வெகுநேரம் பென்சிலைக் கடித்துவிட்டு எழுதினான்: 15 × 12 = 180 ÷ 20 = 9.

"இப்படி ஒரே கயித்துல கட்டப்பிடாது. சமக்குறி போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். பதினஞ்சு தடவை பன்னெண்டு ஒன்பதா? இல்லைல்லா. ஒரு வரிக்கு ஒரு சமக்குறி. அடுத்த வரியில அதுக்கு நேர் கீழே அடுத்த சமக்குறி. ஒவ்வொரு எண்ணும் என்னதுன்னு பக்கத்துல எழுதணும். நாளா, ஆளா, வேலையா?"

அவன் பிரித்து எழுதினான். மொத்த வேலை 15 × 12 = 180. ஆட்கள் 15 + 5 = 20. நாட்கள் 180 ÷ 20 = 9. சமக்குறிகள் ஒன்றின் கீழ் ஒன்று, கோவில் தூண்போல நின்றன. அழகாக இருந்தது. பொன்சீலிக்கு அழகு போதுமாக இருந்தது, அவள் வடிவத்தை மட்டும் பார்த்தாள், மறுபடியும் சரி போட்டாள்.

சனிக்கிழமை காலை தாளில் 9 இல்லை. வேலுத்தாய் கதவில் 9 அப்படியே இருந்தது. பொன்சீலி தன் வீட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து திரும்பிப் பார்த்தாள், அதிலும் ஒரு 9 இருந்தது. வாசல் பலகையைக் கழற்றி அந்த 9 தெரியாமல் மறைத்து வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். சொம்பு பல்லில் இடித்தது.

ஞாயிறு போனது, திங்கள் போனது, செவ்வாயும் போனது. ஊர் தன் வேலையைச் செய்தது. வேலுத்தாய் வீட்டுக்கு ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்தாள், ஒருத்தி குழந்தைக்குக் கறுப்புக் கயிறு கட்டினாள், ஒருத்தி கிழவிக்கு ஆகும் அளவில் ஒரு நூல் சேலையைத் துணிக்குள் மறைத்துக் கொண்டுவந்து, தயங்கித் தயங்கி, பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனாள். வேலுத்தாய் அதைப் பார்த்தாள், எடுத்து எறியவில்லை. அதுதான் பொன்சீலியை உலுக்கிவிட்டது.

புதன்கிழமை, எண் விழுந்த ஆறாம் நாள், நாலரை மணிக்கு அவள் காளிராஜின் வீட்டுக்கே போனாள். கோடு போட்ட நீளத்தாளும் பென்சிலும் வெள்ளிக்கிழமைத் தாளும் 288 இருந்த பழைய தாளும் கையில் இருந்தன. வாசலில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"காளி, நீ வெள்ளிக்கிழமை எழுதினது உன் வழி இல்லை. விடையைக் கையில வச்சுக்கிட்டு அதுக்கு ஏத்தாப்புல சட்டை தைச்சிருக்க. உன் வழி இது." கட்டங்களைக் காட்டினாள். "இதை ஏன்யா மறைக்கே?"

அவன் காது சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, முணுமுணுப்பாகச் சொன்னான். ஆறாம் வகுப்பில் இந்த எட்டு முப்பத்தாறு கணக்கை இப்படித்தான் போட்டானாம். முப்பத்தாறு என்றால் மூன்று டஜன். எட்டு மூன்று இருபத்துநாலு டஜன். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், அப்படியென்றால் இரண்டு குரோஸ். ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்துநாலு பெட்டி, ஆக இருநூற்று எண்பத்தெட்டு. பள்ளிக்கூடத்து சார் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டினாராம்.

"எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். அதுலேர்ந்து என்னைத் தீப்பெட்டின்னுதான் கூப்பிடுவாங்க."

வேலுத்தாயின் கை லேபிளோடு நின்றது. "எங்கிட்ட ஏன்யா சொல்லலை?" என்றாள். அம்மாவின் தொழிலைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று அம்மாவிடமே எப்படிச் சொல்வான்.

"எழுது" என்றாள் பொன்சீலி. "டஜன்லயே எழுது. ரஃபுல இல்ல, நடுத்தாள்ல எழுது."

நாலாவது கேள்வியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவன் எழுதத் தொடங்கினான். எழுத எழுத, யாரோ வற்புறுத்தியது போல, வாயும் அசைந்தது. ஓர் ஆள் ஒருநாள் செய்யும் வேலை = 1 பெட்டி என்க. முதல் வரி அது. 15 பேர் 12 நாள் செய்வது = 15 டஜன் பெட்டி. இரண்டாம் வரி. மூன்றாம் வரிக்குப் பென்சில் வந்தது, நின்றது. லேபிள் ஒட்டும் பெண்கள் அத்தனை பேரும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது, பெட்டி தெரியும்.

வேலுத்தாய்தான் கேட்டாள். "ஏய்யா, நாலு நாளு ஒட்டின பெட்டி எங்க?"

நாலு நாள் வேலை. புதிதாக ஐந்து பேர் வருவதற்கு முன்பே பதினைந்து பேர் செய்து முடித்த வேலை. அதைக் கழிக்கவே இல்லை என்று பொன்சீலிக்கு அப்போதுதான் தெரிந்தது. பையன் மனக்கணக்கில் அதைத் தாண்டிப் போயிருக்கிறான், அவள் பார்க்காமலே சரி போட்டிருக்கிறாள், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அவன் எழுதினான். 15 பேர் 4 நாளில் முடித்தது = 60 பெட்டி. அடுத்த வரியில், = 5 டஜன்.

"பதினஞ்சு டஜன்ல அஞ்சு டஜன் போச்சு" என்றாள் ஒருத்தி.

"மீதி பத்து டஜன்" என்றாள் இன்னொருத்தி.

மீதி வேலை = 15 டஜன் − 5 டஜன் = 10 டஜன் என்று எழுதப் போனவன், தானாகவே நிறுத்தி, இரண்டாவது சமக்குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோனான். = 120 பெட்டி. இப்போது ஆட்கள் = 15 + 5. = 20. ஒருநாளைக்கு 20 பெட்டி. தேவைப்படும் நாட்கள் = 120 ÷ 20.

அங்கே பென்சிலைத் தூக்கிவிட்டு அவன் பொன்சீலியைப் பார்த்தான். அந்த வருடம் முழுவதிலும் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"டீச்சர், ஆறு வருது."

"ஆமா."

"இன்னைக்கு ஆறாம் நாளு."

தெருக்கோடியில் யாரோ விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் நேரம் அது. ஒன்பது என்று இருந்தால் இன்னும் மூன்று நாள் மீதி இருக்கிறது. மூன்று நாளில் தகப்பன் வந்துவிடலாம், ஏதாவது வழி பிறக்கலாம். ஆறு என்று எழுதினால் எழுதின நிமிடத்திலேயே இந்த மடியில் இருக்கும் பிள்ளைக்குக் கண்ணில் பூ விழலாம். வழிமுறை இருந்தால் விடை தாளில் நிற்கும் என்று பொன்சீலிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு பழைய தாளை வைத்துத்தான். அதை நம்பி ஒரு குழந்தையின் ஆயுசைப் பணயம் வைப்பதா? அவளுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. எழுதாதே என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

வேலுத்தாய் முந்திக்கொண்டாள். "பெட்டிக் கணக்கு சரிதான் டீச்சர். நான் மனசுக்குள்ள ரெண்டு மட்டம் ஒட்டிப் பாத்துட்டேன்." குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். "சரியா இருக்கதை எழுதச் சொல்லுங்க."

காளிராஜ் எழுதினான். = 6 நாட்கள்.

குழந்தை திடீரென்று அசையாமல் போனது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"சரிபாரு, சரிபாரு" என்றாள் பொன்சீலி. அவன் அடுத்த வரியில் எழுதினான். முதல் 4 நாள் 15 பேர், 60. அடுத்த 6 நாள் 20 பேர், 120. 60 + 120 = 180. பெண்கள் கூடவே சொன்னார்கள். அஞ்சு டஜன், பத்து டஜன், பதினஞ்சு டஜன். சரியாச்சு, சரியாச்சு என்று தெரு முழுக்க ஒரே குரலாகக் கேட்டது.

பழைய 9 இருந்த வெள்ளிக்கிழமைத் தாளை அவள் அவன் முன் வைத்தாள். அவன் அழிரப்பரைத் தேடினான்.

"அழிக்காத. தப்பை அழிச்சா நீ எப்படி யோசிச்சேன்னு யாருக்குத் தெரியும். அடிச்சுக் கிறுக்கவும் செய்யாத. ஒரே ஒரு கோடு. கீழ இருக்கது படிக்க முடியணும்."

180 ÷ 20 என்ற வரியின் மேல், விடை போய்விட்ட வெற்றிடம் வரைக்கும், காளிராஜ் ஒரே ஒரு கோடு போட்டான்.

கதவில் கீறல் சத்தம் கேட்டது. 9-இன் குறுக்கே, இடமிருந்து வலமாக, ஒரு சாம்பல் கோடு தானாக ஓடி நின்றது. எதிர்வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். அடுத்த வீட்டிலும் ஏற்றினார்கள். செண்பகம் ஒரு தும்மல் போட்டுவிட்டு, பசியெடுத்து அழுதாள். கீழே இரண்டு பல், அதே இரண்டு பல். வேலுத்தாய் அப்போதுதான் அழுதாள், வாய்விட்டு, ஊரே கேட்க அழுதாள்.

பொன்சீலி அன்று வீட்டுக்குப் போனதும் தன் கதவில் கோடு விழுந்த 9-ஐப் பார்த்தாள். பிறகு அந்தத் தாளில் தான் போட்ட சிவப்புச் சரியின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டாள், அழிக்கவில்லை.

அதன்பிறகு காளிராஜ் பழைய கணக்கு ஒவ்வொன்றையும் உட்கார்ந்து முழுசாக எழுதினான். சரியான விடை ஒவ்வொன்றும் கதவை விட்டுத் தாளுக்குத் திரும்பியது. மாவு மில் மறுபடி இரைந்தது, சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் மறுபடி சண்டைக்கு வந்தார்கள். அந்தோணி கால் நிறையப் புழுதியோடு வீடு வந்து, பார்த்தவர் பேரையெல்லாம் மனைவியிடம் ஒப்பித்தார். கோழிகள் மட்டும் திரும்பவில்லை. பேச்சியம்மா பதின்மூன்றையும் கையால் ஊட்டி வளர்த்தாள், ஒவ்வொன்றாகப் புதைத்தாள்.

மாசியில் செண்பகம் நிற்கப் பழகினாள். கோடு போட்ட அந்த 9-ஐப் பிடித்துக்கொண்டு எழுவாள், விழுவாள். எழுவாள், விழுவாள். லேபிள் ஒட்டும் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொள்வார்கள். யாரும் அவளை அவசரப்பட்டுத் தூக்கிவிடவில்லை.